24 பக்க ஆண்டறிக்கையை 12 நிமிடத்தில் சொன்ன கதை

ஒரு சங்கத்தின் செயலாளர் பொதுக்குழுவில் ஆண்டறிக்கையை எப்படி வாசிக்கிறார் என்பதில் பணம் போகும் என்று 2023க்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். எங்கள் குடியிருப்பில் அந்த ஆண்டு அப்படிப் போன தொகை 89,600 ரூபாய். யாரும் திருடவில்லை, கணக்கும் சரியாகவே இருந்தது. அறிக்கையை முழுதாக வாசித்ததால் கூட்டம் கலைந்தது, முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச வருகையான கோரம் இல்லாமல் போனது, தீர்மானம் நிற்காமல் போனது. என்னைப் போலத் திடீரென்று இந்தப் பொறுப்புக்கு வருபவர்களுக்கு உதவும் என்றுதான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எங்களுடையது சென்னைப் புறநகரில் 84 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு. உரிமையாளர்கள் சங்கம் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவானது. ஆகவே ஆண்டுப் பொதுக்குழு, தணிக்கை செய்த கணக்கு, பதிவாளருக்கு அனுப்ப வேண்டிய தாள்கள் எல்லாம் உண்டு. முந்தைய செயலாளர் வேலை மாறுதலாகி வெளியூர் போனதால் நிர்வாகக் குழு என்னை அந்த இடத்தில் போட்டது. கோப்புகள் மூன்று பைகளில் வந்து சேர்ந்தன. லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், டேங்கர் லாரி ரசீது, பொங்கல் விழாப் படங்கள், குழுக்கூட்ட வருகைப் பட்டியல் எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. அவற்றிலிருந்து 2022-23ஆம் ஆண்டுக்கான அறிக்கையைத் தனியாக உட்கார்ந்து எழுதினேன். முடித்தபோது 24 பக்கம் வந்தது. நிகழ்ச்சிகளுக்கு 9, கணக்குக்கு 6, பழுதுபார்ப்புக்கு 4, குழுக்கூட்ட விவரங்களுக்கு 3, நன்றிக்கு 2.

எங்கள் சங்கத்தில் அறிக்கையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை செயலாளர் வாசிப்பதுதான் வழக்கம். பிரதியைக் கூட்டத்தன்று வாசலில் கையெழுத்து வாங்கும்போதுதான் கொடுப்பார்கள். தலைவரும் "வழக்கப்படி வாசிச்சிடுங்க மேடம், எதையாவது விட்டா மறைச்சிட்டாங்கன்னு சொல்வாங்க" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால் 10 மணிக் கூட்டம் பத்தரைக்குத் தொடங்கியதும் வாசிக்க ஆரம்பித்தேன். என் வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 90 சொற்கள் வருகிறது. பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம். 24 பக்கத்துக்கு ஒரு மணி பன்னிரண்டு நிமிடம் ஆகும் என்பது வீட்டிலேயே போடக்கூடிய எளிய கணக்கு. ஆனால் வாசிக்கும் நேரத்தை முன்கூட்டிக் கணக்குப் போடும் பழக்கம் எங்கள் குழுவில் யாருக்கும் இருந்ததில்லை.

ஐந்தாம் பக்கம் தாண்டும்போதே கூட்டத்தின் போக்கு தெரிந்துவிட்டது. நான் சுதந்திர தின விழாவில் இருக்கிறேன், முன்வரிசையில் ஒருவர் 17ஆம் பக்கத்தைப் புரட்டி மோட்டாருக்குக் காயில் சுற்றிய செலவைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார். கையில் பிரதி இருக்கும்போது யாரும் நம்மோடு சேர்ந்து வரிவரியாக வருவதில்லை, தனக்கு வேண்டிய பக்கத்துக்குத் தாவிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு நாம் வாசிப்பது அவர்கள் காதில் விழாது. குழந்தைகள் விளையாட்டுப் போட்டியில் பரிசு வாங்கியவர்கள் பட்டியலை வாசித்தபோது சில பெற்றோர் நிமிர்ந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். பின்னாலிருந்து நாற்காலிகள் நகரும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. மைக்கின் முன்னால் நின்றுகொண்டு, பல நாள் இரவில் உட்கார்ந்து எழுதியதை யாரும் கேட்கவில்லை என்று தெரிந்துகொண்டே வாசிப்பது கஷ்டமான அனுபவம். தொண்டை கட்டியது. கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

எனக்குப் பிறகு பொருளாளர் எழுந்து அதே கணக்கை இன்னொரு முறை வாசித்தார். அவர் மேல் தவறு சொல்ல முடியாது, அஜெண்டாவில் அப்படித்தான் இருந்தது. செயலாளர் அறிக்கையில் கணக்கு 6 பக்கம், பொருளாளர் அறிக்கையில் மறுபடியும் அதே 6 பக்கம். பல சங்கங்களில் இது நடப்பதைப் பிறகு கவனித்தேன். இரண்டு பேரும் கூட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து, எந்த எண்ணை யார் சொல்வது என்று பிரித்துக்கொண்டாலே இருபது நிமிடம் மிச்சமாகும்.

அப்புறம் விவாதம். அங்கேதான் முக்கியமான அடி விழுந்தது. அன்று இரண்டு தீர்மானங்கள் நிறைவேற வேண்டியிருந்தது. மாத மெயின்டனன்ஸை 3,500 ரூபாயிலிருந்து 3,900 ஆக்குவது ஒன்று. இரண்டு லிஃப்டுக்கும் கயிறும் கன்ட்ரோலரும் மாற்ற, கார்ப்பஸ் வைப்புத்தொகையிலிருந்து 4,80,000 ரூபாய் எடுக்க அனுமதி வாங்குவது இன்னொன்று. லிஃப்ட் நிறுவனத்தின் விலைப்புள்ளி 30 நாளுக்குத்தான் செல்லும். மெயின்டனன்ஸ் உயர்வை எடுத்ததும் ஒருவர் எழுந்து கேட்டார்: "இப்பதானே உபரி 64,000 ரூபாய்னு வாசிச்சீங்க? உபரி இருக்கும்போது எதுக்கு உயர்த்தணும்?" கூட்டத்தில் பாதிப் பேர் ஆமாம் போட்டார்கள். மொத்த அறிக்கையில் அவர்கள் மனதில் தங்கியது அந்த ஒரு சொல்தான். அதை விளக்க முயன்றுகொண்டிருக்கும்போதே மணி ஒன்றாகிவிட்டது. இன்னொரு உறுப்பினர் தலைகளை எண்ணச் சொன்னார். காலையில் கையெழுத்துப் போட்டது 51 வீடுகள். எங்கள் விதிப்படி கோரம் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 28. அப்போது இருந்தது 23. கூட்டத்தை ஒத்திவைத்தார்கள்.

மறுபடி கூட்ட எங்கள் விதிப்படி 21 நாள் அறிவிப்புத் தர வேண்டும். அந்த இடைவெளியில் லிஃப்ட் விலைப்புள்ளி காலாவதியானது. புதிதாக வந்தது 5,22,000 ரூபாய். அதில் 42,000 கூடுதல். மெயின்டனன்ஸ் உயர்வு ஒரு மாதம் தள்ளிப்போனதில் 84 வீட்டுக்கும் 400 ரூபாய் வீதம் 33,600 வரவில்லை. ஷாமியானா, நாற்காலி, மைக், டிபன் என்று இரண்டாவது கூட்டத்துக்கு 14,000. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் மேலே சொன்ன 89,600. வீட்டுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல்.

அந்த உபரி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அறிக்கை சொல்லும் எந்தச் செயலாளரும் இதில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. எங்கள் ஆடிட்டர் போட்டது வருமான-செலவுக் கணக்கு. 84 வீடு, மாதம் 3,500, பன்னிரண்டு மாதம் என்றால் 35,28,000. ஹால் வாடகையும் வங்கி வட்டியும் 1,90,000. மொத்த வருமானம் 37,18,000. செலவு 36,54,000. வித்தியாசம் 64,000, அது உபரி. ஆனால் இந்த வகைக் கணக்கில் வர வேண்டிய பணம் வந்துவிட்டதாகவே எழுதுவார்கள். உண்மையில் ஒன்பது வீடுகள் மாதக்கணக்கில் கட்டவில்லை. நிலுவை 2,52,000. முந்தைய ஆண்டு முடிவில் நிலுவை எதுவும் இல்லை. அதனால் ஏட்டில் 64,000 உபரி இருந்தாலும், நடப்புச் செலவுக்கான வங்கிக் கணக்கில் இருப்பு 6,10,000 ரூபாயிலிருந்து 4,22,000 ஆகக் குறைந்தது. 1,88,000 குறைவு. இரண்டு எண்ணும் உண்மை, இரண்டும் அறிக்கையில் இருந்தன. உபரி 11ஆம் பக்கத்தில், வங்கி இருப்பு 14ஆம் பக்கத்தில், நிலுவை 15இல். படிப்பவர் மூன்றையும் சேர்த்துப் பார்க்கலாம். காதால் கேட்பவருக்கு அது முடியாது. பத்து நிமிட இடைவெளியில் விழும் மூன்று எண்களை யாரும் மனதில் வைத்துக் கழித்துப் பார்க்க மாட்டார்கள். அதனால் வாய்மொழி அறிக்கையில் "உபரி" என்ற சொல்லைச் சொல்வதென்றால், அடுத்த வாக்கியத்திலேயே வங்கி இருப்பு ஏறியதா இறங்கியதா என்பதையும், ஏன் என்பதையும் சொல்லியாக வேண்டும். அப்படிச் சொல்ல நேரமில்லையென்றால் அந்தச் சொல்லையே எடுக்கக்கூடாது, பொருளாளருக்கு விட்டுவிட வேண்டும்.

ஒத்திவைத்த கூட்டத்துக்கு முன்னால் என் வேலை, அந்த 24 பக்கத்திலிருந்து எதைச் சொல்வது என்று தேர்ந்தெடுப்பதாக ஆனது. அறிக்கையை மாற்றி எழுதவில்லை. அது ஆவணம், பதிவாளருக்கும் போகிறது, முழுதாகவே இருக்கட்டும். சொல்வதை மட்டும் தனியாக எழுதினேன். முதலில் பக்கம் பக்கமாகச் சுருக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு பகுதியிலிருந்தும் கொஞ்சம் எடுத்தால் எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாக இருந்தது, எதுவும் நிற்கவில்லை. பிறகு வழியைத் திருப்பினேன். இன்று இவர்கள் எதற்குக் கை தூக்கப்போகிறார்கள் என்பதை ஒரு தாளின் அடியில் எழுதிக்கொண்டேன். மெயின்டனன்ஸ், லிஃப்ட். அந்த இரண்டு முடிவுக்கும் அவர்களுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே பின்னாலிருந்து முன்னால் வந்தேன். அதற்கு உதவாதது எதுவாக இருந்தாலும் பக்க எண் மட்டும் போதும் என்று தள்ளினேன். நான் மிகவும் ரசித்து எழுதிய கொலுப் பகுதியும் அப்படிப் போனது.

கணக்கைப் பார்த்தபோது, எல்லா எண்ணையும் ஒரு வீட்டுக்கு ஒரு மாதத்துக்கு என்று மாற்றிப் பார்க்கத் தோன்றியது. மொத்தச் செலவு 36,54,000. அதை 84ஆலும் பன்னிரண்டாலும் வகுத்தால் 3,625. நாம் வாங்குவது 3,500. மீதி 125 ரூபாயை ஹால் வாடகையும் வட்டியும்தான் சுமக்கின்றன. இந்த ஒரு வாக்கியம் 6 பக்கக் கணக்கையும் பிடித்துக்கொண்டது. 36 லட்சம் என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. "உங்க வீட்டுக்கு மாசம் 3,625 செலவாகுது, நீங்க தர்றது 3,500" என்றால் ஒவ்வொருவரும் தன் வீட்டுக் கணக்காகக் கேட்கிறார்கள். டேங்கர் தண்ணீரும் அப்படித்தான். 260 லாரி, 3,90,000 ரூபாய் என்பதை வீட்டுக்கு மாதம் 387 ரூபாய் என்று சொன்னேன். எல்லா எண்ணையும் இப்படி மாற்றக்கூடாது. லிஃப்ட் போன்ற ஒருமுறைச் செலவை மாதக் கணக்கில் சொன்னால் சின்னதாகக் காட்டி ஏமாற்றுவது போல ஆகிவிடும். அதை முழுத் தொகையாகவே சொன்னேன்.

அடுத்து, சென்ற ஆண்டோடு ஒப்பிடும்போது பெரிதாக மாறிய எண் எது என்று பார்த்தேன். இரண்டுதான் தேறின. பொதுப்பயன்பாட்டு மின்கட்டணம் சுமார் 5,40,000 ரூபாயிலிருந்து 6,10,000 ஆகியிருந்தது. விளக்கமில்லாமல் விட்டால் விளக்கை அணைப்பதில்லை, மோட்டாரை நிறுத்துவதில்லை என்று வாட்ச்மேன் மேல் பழி விழும். மின் அட்டையை எடுத்து யூனிட்டைப் பார்த்தேன். பயன்பாடு கூடவே இல்லை. 2022 செப்டம்பரில் குடியிருப்புகளின் பொது இணைப்புகளைத் தனிக் கட்டண வகைக்கு மாற்றி, யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தார்கள். அதுவரை வீட்டு இணைப்பு போலவே நூறு யூனிட் இலவசமும் படிநிலைக் கட்டணமும் இருந்தன. ஆகவே நான் சொன்னது: "மின்கட்டணம் 70,000 கூடியிருக்கு. யூனிட் கூடல, விலைதான் கூடியிருக்கு. அதுவும் சுமார் ஆறு மாசத்துக்குத்தான் இந்த ஆண்டுக் கணக்கில் வருது. அடுத்த ஆண்டு முழுசா வரும்." கடைசி வாக்கியம்தான் உயர்வுக்கான காரணம். ஒரு எண் மாறியதைச் சொல்லும்போது அளவு மாறியதா, விலை மாறியதா என்று பிரித்துச் சொல்லிவிட்டால் அதன் மேல் வரும் கேள்விகள் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன.

இரண்டாவது, டேங்கர் லாரி. 2021 கோடையில் 340, 2022 கோடையில் 260. எங்கள் அச்சு அறிக்கையில் இது நிகழ்ச்சிகள் பகுதியில், மழைநீர் சேகரிப்புக் கிணறுகளைத் தன்னார்வலர்கள் தூர்வாரியதற்கு அடுத்த வரியில் இருந்தது. அப்படி இருந்ததால் கிணறு தூர்வாரியதால்தான் லாரி குறைந்தது என்று படிப்பவருக்குத் தோன்றும். குழுவில் ஒருவர் அதையே சத்தமாகச் சொல்லச் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 2021 நவம்பரில் சென்னையில் கொட்டிய மழை எல்லோருக்கும் நினைவிருக்கிறது. போர்வெல்லில் தண்ணீர் ஏறியதற்கு அதுவே போதுமான காரணம். கிணறு தூர்வாரியதும் உதவியிருக்கலாம், ஆனால் எவ்வளவு என்று நம்மிடம் அளவு இல்லை. "80 லாரி குறைஞ்சிருக்கு, 2021 மழை நல்லா பெஞ்சதும் காரணம், மழை குறைஞ்சா மறுபடி கூடும்" என்று சொன்னேன். நம் சங்கத்தின் செயலையும் ஒரு நல்ல எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசும்போது இந்தக் கவனம் மிகவும் தேவை. கேட்பவர்களில் ஒரு பொறியாளராவது இருப்பார், அவர் எழுந்தால் அதற்குப் பிறகு நாம் சொல்லும் நல்ல எண்களையும் நம்ப மாட்டார்கள்.

கெட்ட செய்தியைச் சொல்வதா என்பதில் குழுவுக்குள் பெரிய விவாதமே நடந்தது. நிலுவை 2,52,000. சம்ப் மோட்டார் ஒரே ஆண்டில் மூன்று முறை எரிந்து, காயில் மறுபடி சுற்ற வேண்டியிருந்தது. இவை அச்சில் இருக்கின்றனவே, ஏன் வாயால் சொல்ல வேண்டும் என்றார்கள். நான் இவற்றை முதல் ஐந்து நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும் என்று நின்றேன். தேர்ந்தெடுத்துச் சொல்கிறோம் என்றாலே எதை விட்டார்கள் என்று தேடுவார்கள். அவர்கள் தேடிப்போகும் இடத்தில் நாமே முதலில் நின்றுவிட வேண்டும். மோட்டார் விஷயத்தில் ஏன் எரிந்தது என்பதையும் சேர்த்தேன். சம்பில் தண்ணீர் குறையும்போது மோட்டாரை நிறுத்தும் மிதவை சுவிட்ச் வேலை செய்யவில்லை. தண்ணீரில்லாமல் ஓடித்தான் எரிந்திருக்கிறது. சுவிட்சை மாற்றிய பிறகு எரியவில்லை. நிலுவைக்காரர்கள் பெயரையோ வீட்டு எண்ணையோ மைக்கில் சொல்லவில்லை. எத்தனை வீடு, எவ்வளவு தொகை, நோட்டீஸ் கொடுத்தாயிற்றா என்பது மட்டும். பெயர் சொன்னால் கூட்டம் சண்டையாகும், அதற்குப் பிறகு எந்தத் தீர்மானமும் நகராது.

எண்களை வாயால் சொல்வதில் தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. 36,54,000 என்பதை முப்பத்தாறு லட்சத்து ஐம்பத்து நான்காயிரம் என்று இழுக்கத் தேவையில்லை, முப்பத்தாறரை லட்சம் என்றால் எல்லோருக்கும் பிடிபடும். கால், அரை, முக்கால் என்று காதுக்குப் பழகிய அளவுகள் இவை. ஆனால் ஒரு இடத்தில் இந்த வசதி காலை வாரிவிடும். ஒத்திகையில் வருமானம் 37,18,000 என்பதை முப்பத்தேழே கால் லட்சம், செலவை முப்பத்தாறரை லட்சம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்பவர் மனதில் வித்தியாசம் 75,000 என்று விழும். உண்மை 64,000. முப்பத்தேழு என்று குறைத்தால் வித்தியாசம் 50,000 ஆகிவிடும். அதனால் இரண்டு பெரிய எண்களை உருட்டிச் சொல்லும்போது அவற்றின் வித்தியாசத்தை மட்டும் உருட்டாமல் தனியாகச் சொல்லிவிட வேண்டும். வாக்கெடுப்புக்குப் போகும் தொகையையும் உருட்டக்கூடாது. லிஃப்டுக்கு "அஞ்சு லட்சம் மாதிரி" என்று சொல்லிவிட்டு மினிட் புக்கில் 5,22,000 என்று எழுதினால் பிறகு வம்புதான்.

நன்றிப் பட்டியல் இன்னொரு தொல்லை. 2 பக்கத்தில் முப்பதுக்கு மேற்பட்ட பெயர்கள். வாசித்தால் ஆறு நிமிடம், வாசிக்காவிட்டால் வருத்தம், பாதி வாசித்தால் பெரிய வருத்தம். ஒரு பெயர்கூடச் சொல்லாமல், பெயர்ப் பட்டியலைப் பெரிய எழுத்தில் அச்சடித்து நுழைவாயில் நோட்டீஸ் போர்டில் கூட்டத்துக்கு முன்பே ஒட்டினேன். மைக்கில் சொன்னது, 23, 24ஆம் பக்கத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் சங்கம் நன்றி சொல்கிறது என்ற ஒரே வரிதான். இறந்துபோன உறுப்பினர்களின் பெயர்களை மட்டும் நிதானமாக, முழுமையாக வாசித்தேன். அதில் நேரம் பார்க்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எழுதியதை முதலில் குழுவுக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தது பெரிய உதவியாக இருந்தது. இரண்டாம் மாடி மாமி, கணக்கு வழக்கில் ஆர்வமே இல்லாதவர், ஆனால் பொறுமையாகக் கேட்பார். தாளை அவரிடம் கொடுக்காமல் வாயால் மட்டும் சொன்னேன். முடித்ததும் "மாமி, என்ன ஞாபகம் இருக்கு, சொல்லுங்கோ" என்றேன். "மோட்டார் மூணு வாட்டி எரிஞ்சிருக்கு, லிஃப்டுக்குப் பணம் வேணுங்கறே, ஒன்பது பேர் கட்டலை" என்றார். 3,625 அவர் வாயில் வரவில்லை. தேடிப் பார்த்தால், அந்த எண்ணுக்கு முன்னால் வருமானம், செலவு, வித்தியாசம் என்று மூன்று பெரிய எண்களை அடுக்கியிருந்தேன். அவற்றின் அடியில் அது புதைந்துவிட்டது. அதை எடுத்து முதல் வாக்கியமாக வைத்தேன். வணக்கத்துக்கு அடுத்த வரி அதுதான். மறுநாள் மறுபடி சொன்னபோது மாமி முதலில் சொன்னதே அந்த எண்ணைத்தான். தாளைக் கையில் கொடுத்துக் கருத்துக் கேட்டால் எழுத்துப்பிழையைத்தான் திருத்துவார்கள். காதில் எது தங்குகிறது என்று தெரிய, கேட்டவரைத் திருப்பிச் சொல்லவைக்க வேண்டும்.

நடைமுறையிலும் ஒரு மாற்றம் செய்தோம். அச்சு அறிக்கையைக் கூட்டத்தன்று கொடுக்காமல், 21 நாள் அறிவிப்போடு சேர்த்தே உறுப்பினர்களின் வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப் ஆகவும், பெரியவர்கள் இருக்கும் வீடுகளுக்குத் தாளாகவும் கொடுத்தோம். கூட்டம் தொடங்கியதும் தலைவர் எழுந்து, "அறிக்கை முன்னாடியே எல்லாருக்கும் வந்திருக்கு, வாசித்ததாக எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார், அது மினிட் புக்கில் ஏறியது. இந்தச் சடங்கைத் தவிர்க்கவே கூடாது. இது இல்லாமல் சுருக்கிச் சொன்னால், அறிக்கை சபையில் வைக்கப்படவே இல்லை என்று பிறகு யாராவது வாதாட முடியும். உறுப்பினர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் முழுதாக வாசிக்கத்தான் வேண்டும். அப்போது தீர்மானங்களை அறிக்கைக்கு முன்னால் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கலாம்.

நான் பேசியது 12 நிமிடம். கையில் இரண்டு தாள்தான், குறிப்புகளாக. எண் வரும் வாக்கியங்களை மட்டும் முழுதாக எழுதிவைத்திருந்தேன், அங்கே வாய் தவறக்கூடாது. ஒவ்வொரு விஷயத்தின் முடிவிலும் பக்க எண்ணைச் சொன்னேன். "விவரம் 17ஆம் பக்கம்" என்றதும் தாள் புரளும் சத்தம் கேட்டது. அதற்காகக் கொஞ்சம் நிறுத்தினேன், புரட்டி முடிக்கும் வரை அடுத்ததற்குப் போகவில்லை. உடனே போனால் அடுத்த விஷயத்தின் முதல் வரி யாருக்கும் கேட்காது.

அன்று வந்தது 46 வீடுகள், முதல் கூட்டத்தைவிடக் குறைவு. ஆனால் தீர்மானங்களை எடுத்தபோதும் ஏறக்குறைய எல்லோரும் இருந்தார்கள். உபரி பற்றிக் கேட்டவர் மறுபடி எழுந்தார். இந்த முறை அவர் கேட்டது, நிலுவையை வசூலித்துவிட்டால் உயர்வு 400 ஆக இருக்க வேண்டுமா, குறைக்கலாமா என்று. நல்ல கேள்வி. நிலுவை ஒருமுறை வரும் பணம், கூடியிருக்கும் மின்கட்டணம் ஆண்டுதோறும் வரும் செலவு என்று பொருளாளர் பதில் சொன்னார். கேட்டவர் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை, எதிராகத்தான் கை தூக்கினார். உயர்வு ஆதரவாக 31 வாக்குகள் பெற்று நிறைவேறியது. லிஃப்டுக்கு எதிர்ப்பே இல்லை.

கூட்டம் முடிந்த பிறகு பேசிய அந்த இரண்டு தாளிலும் தேதியும் கையெழுத்தும் போட்டு மினிட் புக்கோடு சேர்த்து வைத்தேன். இனி இந்த வேலைக்கு வருபவர்கள் இதையும் செய்யுங்கள். சில மாதம் கழித்து ஒரு வீட்டுக்காரர், லிஃப்ட் பணத்தை மாதத் தவணையாக வசூலிப்பதாக நான் மைக்கில் சொன்னதாக எழுதிக் கேட்டார். 24 பக்க அறிக்கையில் அப்படி இல்லை என்று காட்டினால், வாயால் சொன்னீர்கள் என்பார். தாளைப் பிரதி எடுத்துக் கொடுத்தேன், கார்ப்பஸிலிருந்து 5,22,000 என்று எழுதியிருந்த வரியின் கீழ்க் கோடு போட்டு. அதற்கு மேல் அவர் எழுதவில்லை.